நீட் இயற்பியல் ஆசிரியரின் அறிமுகப் பக்கம்: ரிசல்ட்டையும் பாடம் நடத்தும் முறையையும் எழுதுவது எப்படி?

பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் "உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, வெப்சைட்டில் போடணும்" என்று கேட்கும்போது எழும் கேள்விகள் இவை. பேச்சுக்கு ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்வோம்: நீட் ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு இயற்பியல் எடுப்பவர், பேட்ச்சில் 48 பேர். அவருடைய பேட்ச் பற்றிய எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தேர்வு பற்றிய எண்கள் உண்மையானவை.

"எங்க பேட்ச்ல எழுதின எல்லாரும் நீட் குவாலிஃபைடு. '100% தேர்ச்சி'ன்னு போட்டா தப்பா?"

தப்பில்லை, ஆனால் அதற்கு அர்த்தமும் இல்லை. 2025 நீட்டில் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். அதில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டு, ஒரு வருடம் முழுநேரமாகப் படிக்க வந்த ரிப்பீட்டர் மாணவர் 144-ஐத் தாண்டுவது ஆசிரியரின் சாதனை ஆகாது. பல பேர் பேட்ச்சில் சேரும்போதே அதைத் தாண்டியவர்கள்தான்.

விவரம் தெரிந்த பெற்றோர் "100% தேர்ச்சி" என்ற வரியைப் பார்த்ததும், வேறு சொல்ல எதுவும் இல்லை போல என்று நினைத்துக்கொள்வார். தெரியாத பெற்றோர், எல்லோருக்கும் மருத்துவ இடம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அந்த வரியை எடுத்துவிட வேண்டியதற்கு இந்த இரண்டாவது ஆள்தான் காரணம்.

"நான் பிசிக்ஸ் மட்டும்தான் எடுக்குறேன். பையனுக்கு சீட் கிடைச்சதை என் ரிசல்ட்னு சொல்லிக்கலாமா?"

720-இல் இயற்பியல் 180. மீதி 540 மதிப்பெண் வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களின் வகுப்பில் வந்தது; அதில் மாணவரின் சொந்த உழைப்பு வேறு. "என்னிடம் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள்" என்று நான்கு ஆசிரியர்களும் தனித்தனியே எழுதினால், ஒரே ஆறு பேர் இருபத்துநான்கு பேராகத் தெரிவார்கள். சீட் எண்ணிக்கை மையத்தின் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் அதைச் சொல்வதானால் "பேட்ச் முடிவு" என்ற பெயரில், ஒரே வரியில் சொல்லுங்கள்.

உங்கள் பாடத்துக்கென்று தனி அளவுகோல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நீட் ஸ்கோர்கார்டில் மொத்த மதிப்பெண்ணோடு, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் பெர்சென்டைல் தனித்தனியே அச்சாகியிருக்கும். ரிப்பீட்டர் மாணவரிடம் போன வருட ஸ்கோர்கார்டு கையில் இருக்கும். சேரும் நாளிலேயே அதன் நகலை வாங்கி, இயற்பியல் பெர்சென்டைலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜூனில் வரும் கார்டிலும் அதே கட்டத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் வகுப்பைப் பற்றி ஓரளவாவது நியாயமாகப் பேசக்கூடிய எண்.

"ஓரளவு" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்னொரு வருடம் படித்தால் யாரிடம் படித்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த இயல்பான ஏற்றத்தைப் பிரித்தெடுக்க ஒரு பயிற்சி மையத்தால் முடியாது. எனவே "என்னால் ஏறியது" என்று எழுதாமல் "இந்த ஒரு வருடத்தில் ஏறியது" என்று எழுதுங்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு முந்தைய கார்டு இருக்காது. அவர்களுக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் 45 கேள்வி கொண்ட ஓர் இயற்பியல் தாளும், ஏப்ரலில் அதே பாடப் பங்கீட்டில் வேறு கேள்விகள் கொண்ட தாளும் வைத்து ஒப்பிடலாம். இரண்டும் நீங்களே தயாரித்த தாள்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

"சரி, கணக்கை எங்கிருந்து தொடங்குறது? எத்தனை பேருக்கு எத்தனை பேர்னு போடணும்?"

சேர்ந்தவர்களிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வு எழுதியவர்களிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை காணாமல் போய்விடும். நம் எடுத்துக்காட்டுப் பேட்ச்சைப் பார்ப்போம்.

ஜூலையில் 48 பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். மூன்று பேர் வேறு படிப்புக்குப் போனார்கள், இரண்டு பேர் வேறு மையத்துக்கு மாறினார்கள். 43 பேர் தேர்வு எழுதினார்கள். ரிசல்ட் வந்த பிறகு 39 பேர் ஸ்கோர்கார்டு கொடுத்தார்கள். நான்கு பேர் போனை எடுக்கவே இல்லை.

அந்த 39 பேரின் போன வருட இயற்பியல் பெர்சென்டைலை வரிசைப்படுத்தி நடுவில் உள்ள இருபதாவது எண்ணை எடுத்தால் 71. இந்த வருடத்து வரிசையின் நடு எண் 86. சராசரி எடுக்காமல் நடு எண்ணை எடுப்பதற்குக் காரணம், 30-இலிருந்து 90-க்குத் தாவிய ஒரே ஒரு மாணவர் சராசரியைத் தூக்கிக் காட்டிவிடுவார். நடு எண்ணை அவரால் அவ்வளவாக அசைக்க முடியாது.

நடு எண் மட்டும் போதாது. ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியவர்கள் 27, ஐந்துக்குள் மேலோ கீழோ நின்றவர்கள் 8, ஐந்துக்கு மேல் இறங்கியவர்கள் 4. இந்த மூன்று எண்களையும் ஒன்றாகப் போட வேண்டும். "இறங்கியவர்கள் 4" என்ற துண்டைத்தான் மார்க்கெட்டிங் ஆட்கள் முதலில் வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். மற்ற 27-ஐ நம்ப வைப்பதே அந்த 4 தான்.

86 பெர்சென்டைல் என்பதற்கும் ஒரு விளக்க வரி தேவை. நிறையப் பெற்றோர் அதை 86 சதவீத மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 22 லட்சம் பேர் எழுதும் தேர்வில் 86 பெர்சென்டைல் என்றால் இன்னும் மூன்று லட்சம் பேர் மேலே இருக்கிறார்கள் என்று பொருள். 99 என்றாலும் மேலே 22 ஆயிரம் பேர். அதை ஒருமுறை பச்சையாகச் சொல்லிவிட்டால் பிறகு உங்களிடம் "86 வாங்கியும் ஏன் சீட் வரல?" என்ற சண்டை வராது.

"ஸ்கோர்கார்டு கொடுக்காதவங்களை என்ன பண்றது? விட்டுடலாமா?"

விட்டுவிட்டால் எண் அழகாகிவிடும், அதுதான் சிக்கல். நன்றாக எடுத்த மாணவர் ரிசல்ட் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் கார்டை அனுப்பிவிடுவார். போனை எடுக்காதவர்கள் பெரும்பாலும் குறைவாக எடுத்தவர்கள். எனவே "43 பேர் எழுதினர், 39 பேரின் கார்டு கிடைத்தது" என்று இரண்டு எண்ணையும் போடுங்கள். கிடைக்காதது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் நடு எண்ணைப் போடாமல் இருப்பதே நல்லது. அந்த எண் எதையும் சொல்லாது.

"போன வருஷம் பிசிக்ஸ்ல 150 எடுத்தாங்க, இந்த வருஷம் 110 தாண்டல. இதை எப்படி எழுதுறது?"

மதிப்பெண்ணை வருடத்துக்கு வருடம் ஒப்பிடவே கூடாது. பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 2024-இல் 162, 2025-இல் 144. 2024-இல் முழு 720 எடுத்தவர்கள் இருந்தார்கள். 2025-இல் முதலிடமே 686. இயற்பியல் தாள் கடினமாக வந்ததே 2025-இல் பெரும் பேச்சு. அந்த வருடம் 110 எடுத்தவர், முந்தைய வருடம் 150 எடுத்தவரைவிட வரிசையில் முன்னால் இருந்திருக்கவும் கூடும். பெர்சென்டைலையோ தரவரிசையையோ போட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

தாளின் அமைப்பும் மாறியிருக்கிறது. 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் கடைசி 15 கேள்வியில் 10-ஐத் தேர்ந்தெடுக்கலாம். 2025-இல் அந்தச் சலுகை போய், 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாம் கட்டாயம் என்று ஆனது. 2023-இல் மாணவர் எடுத்த 160-ஐ இன்றைக்குப் போடுபவர் இதையும் சொல்லியாக வேண்டும்.

"ரிசல்ட் வந்த அன்னைக்கே போட்டாத்தானே மவுசு?"

2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 4-ஆம் தேதி வந்த ரிசல்ட்டில் 720-க்கு 720 எடுத்தவர்கள் 67 பேர். 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் பிறகு திரும்பப் பெறப்பட்டது. இயற்பியலில் ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரி என்று ஏற்றிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரே விடைதான் சரி என்று முடிவானது. திருத்திய பட்டியல் ஜூலையில் வந்தபோது 720 எடுத்தவர்கள் 17 பேர். ஒரே ஓர் இயற்பியல் கேள்வியில் லட்சக்கணக்கானோருக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. ஜூன் முதல் வாரத்தில் அடித்த பேனர்கள் எல்லாம் ஜூலையில் பழங்கதை.

சீட் எண்ணிக்கையும் அப்படித்தான். கலந்தாய்வு பல சுற்றுகள் நடக்கும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடைசிச் சுற்று முடிந்த பிறகு எழுதி, எந்தத் தேதி நிலவரம் என்று பக்கத்தின் அடியில் குறிப்பிடுங்கள்.

"டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதின பொண்ணு நல்ல ரேங்க் எடுத்திருக்கா. அவ போட்டோவை என் பக்கத்துல போடலாமா?"

அவர் உங்கள் வகுப்பில் உட்காரவே இல்லையே. ஒரே மாணவியின் படம் மூன்று மையங்களின் பேனரில் சிரிப்பதற்குக் காரணமே இதுதான்: ஒரு மையத்தில் இரண்டு வருட வகுப்பு, இன்னொன்றில் டெஸ்ட் சீரிஸ், மூன்றாவதில் பத்து நாள் கிராஷ் கோர்ஸ்.

இதற்குச் சட்டமும் வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அது பொருந்தும். வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ போட வேண்டுமானால் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலையும் அவர் வெற்றி பெற்ற பிறகே வாங்க வேண்டும். சேரும்போது அட்மிஷன் ஃபாரத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் வாங்கும் கையெழுத்து செல்லாது. படத்தோடு தரவரிசை, அவர் படித்த கோர்ஸ், அதன் காலம், கட்டணம் செலுத்திப் படித்தாரா இல்லையா என்பதையும் போட வேண்டும். சிவில் சர்வீஸ் பயிற்சியில் நேர்முகத் தேர்வு வழிகாட்டலுக்கு மட்டும் வந்தவர்களை முழுநேர மாணவர்கள் போலக் காட்டிய மையங்களுக்கு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. சிறிய மையம் என்றாலும், தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

நடைமுறையில் இரண்டு விஷயம் கவனிக்கவும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். ஸ்கோர்கார்டின் படத்தை அப்படியே போடாதீர்கள். அதில் விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருக்கும், அவற்றை வைத்து வேறொருவர் அந்த மாணவரின் கணக்கைத் திறக்கப் பார்க்கலாம்.

பெயரே போடாமல் எண்களை மட்டும் போட்டாலும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் இடங்கள் உண்டு. "7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒருவர்" என்று எழுதினால், ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் இருவர் மட்டும் உள்ள பிரிவுகளைத் தனியே பிரிக்காமல் "எல்லா ஒதுக்கீடும் சேர்த்து" என்று போடுங்கள்.

"அனுபவம் எத்தனை வருஷம்னு எப்படிக் கணக்கு போடுறது? ஸ்கூல்ல எடுத்ததையும் சேர்க்கலாம்ல?"

சேர்க்கலாம், ஆனால் பிரித்துச் சேர்க்க வேண்டும். "20 ஆண்டு நீட் அனுபவம்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். நீட் முதலில் நடந்ததே 2013-இல். தமிழ்நாட்டில் 2016 வரை மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடந்தது. நீட் வழிச் சேர்க்கை 2017-இல்தான் வந்தது. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குத் தயார் செய்வதும் ஒரு நிமிடத்தில் ஒரு கேள்வி முடிக்கத் தயார் செய்வதும் வேறு வேறு வேலை. "மேல்நிலைப் பள்ளியில் 6 ஆண்டு, நீட் பேட்ச்சில் 7 ஆண்டு" என்று எழுதினால் இரண்டுக்கும் மரியாதை.

பட்டத்தில் பாடம், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஐ.ஐ.டி.யில் ஒரு வாரப் பயிற்சி முகாமுக்குப் போனவர் "ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்" ஆக மாட்டார். எம்.எஸ்சி. முடிக்காமல் பாதியில் விட்டிருந்தால் பி.எஸ்சி. என்று போடுங்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் கேட்பதே பட்டப்படிப்பைத்தான், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"பாடம் நடத்தும் முறைன்னு என்ன எழுதுறது? 'கான்செப்ட் பேஸ்டு, ஈஸி மெத்தட், ஷார்ட்கட்'னு எழுதியிருக்கேன்."

அந்த மூன்று சொல்லும் எல்லா ஆசிரியர் பக்கத்திலும் இருக்கின்றன. படிக்கும் மாணவருக்குத் தெரிய வேண்டியது, உங்களிடம் சேர்ந்தால் திங்கள் முதல் ஞாயிறு வரை தனக்கு என்ன நடக்கும் என்பதுதான். அதை எழுதுங்கள்.

நம் ஆசிரியரின் வாரம் இப்படி: திங்கள், புதன், வெள்ளி ஒன்றரை மணி நேரம் பாடம். ஒவ்வொரு வகுப்புக்கும் 30 கேள்வி வீட்டுப்பயிற்சி. சனிக்கிழமை புதுப் பாடம் கிடையாது, வீட்டுப்பயிற்சியில் அதிகம் பேர் தவறிய கேள்விகள் மட்டும். ஞாயிறு 45 கேள்வி, 60 நிமிடம், உண்மையான ஓ.எம்.ஆர். தாளில், பால்பாயின்ட் பேனாவில். ஏன் 60 நிமிடம் என்பதையும் எழுதலாம்: மொத்தம் 180 நிமிடத்தில் உயிரியலுக்கு 50, வேதியியலுக்கு 50 போனால், இயற்பியலுக்கு 60 ஒதுக்கி, வட்டம் நிரப்பவும் சரிபார்க்கவும் 20 மிச்சம் வைக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த ஆசிரியர் என்பது அந்த ஒரு வரியிலேயே படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, தவறுகளை என்ன செய்கிறீர்கள் என்பது. முறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் தெரியும். நம் ஆசிரியரின் வகுப்பில், தேர்வு முடிந்ததும் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மாணவரே ஒரு சொல் எழுத வேண்டும்: கருத்து, கணக்கு, வாசிப்பு, ஊகம். கருத்து என்றால் பாடமே புரியவில்லை. கணக்கு என்றால் பத்தின் அடுக்கிலோ, சென்டிமீட்டரை மீட்டராக்குவதிலோ சறுக்கியது. நீட்டில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இது எதிர்பார்ப்பதைவிட அதிகம் வரும். வாசிப்பு என்றால் "தவறான கூற்று எது" என்று கேட்டதைச் "சரியான கூற்று" என்று படித்தது. ஊகம் என்றால் தெரியாமல் அடித்தது. கருத்துப் பிழைக்கு மட்டுமே மறுபடி வகுப்பு. மற்ற மூன்றுக்கும் மறுபடி பாடம் நடத்தினால் மாணவருக்குச் சலிப்புதான் வரும், பிழை போகாது.

ஊகத்தைப் பற்றி உங்கள் அறிவுரை என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். "நெகட்டிவ் மார்க் இருக்கு, தெரியாததைத் தொடாதே" என்பது பொதுவான பேச்சு. கணக்குப் போட்டால், சரிக்கு +4, தவறுக்கு −1; நான்கில் ஒன்றைக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். அது பெரிய லாபம் இல்லை. இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால் ஒன்றரை மதிப்பெண் லாபம். நம் ஆசிரியரின் விதி: இரண்டை நீக்க முடிந்தால் அடி, இல்லையென்றால் நேரத்தை வீணாக்காதே.

மூன்றாவதாக, ஒரே ஒரு கணக்கை எடுத்து, அதில் மாணவர் எங்கே தவறுவார், நீங்கள் அதை எப்படிப் பிடிப்பீர்கள் என்று நான்கைந்து வரியில் எழுதுங்கள். பத்து நிமிட டெமோ வீடியோவைவிட இது வேலை செய்யும். இப்படி எழுதலாம்:

"h உயரச் சாய்தளத்தில் நழுவாமல் உருண்டு வரும் திண்மக் கோளத்தின் வேகம் கேட்டால், பாதிப் பேர் √(2gh) என்று எழுதுவார்கள். அது தடையின்றி விழும் பொருளின் விடை. நான் விடையைத் திருத்துவதில்லை. ஆற்றல் எங்கெங்கே போனது என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். ஏழு பங்கில் ஐந்து நகர்வுக்கும் இரண்டு சுழற்சிக்கும் போனது என்று தெரிந்ததும் √(10gh/7) தானாக வரும். மறுவாரத் தேர்வில் கோளத்துக்குப் பதில் வளையம் வரும். அங்கே √(gh) எழுதியவர் புரிந்துகொண்டவர். மறுபடி 10/7 எழுதியவர் மனப்பாடம் செய்தவர், அவருக்குச் செவ்வாய்க்கிழமை என்னிடம் வேலை இருக்கிறது."

கடைசியாக, உங்கள் வகுப்பு யாருக்குச் சரிப்படாது என்பது. வெக்டர், திரிகோணமிதி இரண்டிலும் தடுமாறுபவருக்கு உங்கள் வேகம் தாங்காது என்றால் எழுதிவிடுங்கள். ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தால் பிளஸ் ஒன் பாடம் முழுதாகக் கிடைக்காது என்றால் அதையும் எழுதுங்கள். அட்மிஷன் பிரிவுக்கு இது பிடிக்காது. ஆனால் நடுவில் நின்ற ஐந்து பேரில் இரண்டு பேராவது இந்த வரியைப் படித்திருந்தால் கட்டணத்தை மிச்சப்படுத்தியிருப்பார்கள்.

"'எந்நேரமும் சந்தேகம் கேட்கலாம்'னு போடலாமா?"

முடியாததைப் போடாதீர்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு முதல் ஏழரை வரை என்றால் வாரத்துக்கு 180 நிமிடம். 48 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு நான்கு நிமிடம்கூட வராது. அப்படியானால் "முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே சந்தேகம் உள்ளவர்களைச் சேர்த்து உட்கார வைப்பேன்" என்று நடப்பதைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் உதவி ஆசிரியர் உட்காருவார் என்றால் அதுவும் எழுதப்பட வேண்டும்.

"தமிழ் மீடியம் பசங்களுக்கு தனியா ஏதாவது எழுதணுமா?"

எந்த மொழியில் விளக்குகிறீர்கள், பலகையில் எந்த மொழியில் எழுதுகிறீர்கள், உங்கள் தேர்வுத்தாள் எந்த மொழியில் இருக்கும், இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள். "தமிழ், ஆங்கிலம்" என்று போட்டால் பதில் கிடைக்காது. நீட்டில் தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரு மொழியிலும் தாள் வரும்; மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். எனவே தமிழ் வழி மாணவருக்கும் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்குகிறீர்களா என்பதுதான் அவர்கள் தேடும் வரி.

"நான் இப்பதான் சேர்ந்திருக்கேன். காட்ட ரிசல்ட்டே இல்லையே?"

"இது என் முதல் நீட் பேட்ச்" என்று எழுதிவிட்டு, பாடமுறைப் பகுதியைப் பெரிதாக்குங்கள். ஒரு பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்த 15 கேள்வித் தேர்வின் முடிவைப் போடலாம், எத்தனை பேர் எழுதினார்கள் என்பதோடு. பழைய மையத்தில் உதவி ஆசிரியராக இருந்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். அந்த மையத்தின் ரேங்க்குகளை மட்டும் கொண்டுவராதீர்கள். சொந்த நீட் மதிப்பெண்ணைச் சிலர் போடுகிறார்கள். போடலாம், ஆண்டோடு. அது உங்களுக்கு இயற்பியல் தெரியும் என்பதைக் காட்டும், சொல்லிக் கொடுக்கத் தெரியும் என்பதைக் காட்டாது.

"முழுசா எழுதினா எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கொடுங்களேன்."

நம் ஆசிரியரின் பக்கம் இப்படி வரும்:

"இயற்பியல், நீட் ரிப்பீட்டர் பேட்ச். எம்.எஸ்சி. இயற்பியல் (பல்கலைக்கழகத்தின் பெயர், 2011). மேல்நிலைப் பள்ளியில் 6 ஆண்டு, 2018 முதல் நீட் வகுப்புகள்.

வாரம் மூன்று பாட வகுப்பு, ஒரு பயிற்சி வகுப்பு, ஞாயிறு 45 கேள்வித் தேர்வு. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை மாணவரே வகைப்படுத்துவார். கருத்துப் பிழைகளுக்கு மட்டும் மறுவகுப்பு. விளக்கம் தமிழில், கலைச்சொற்கள் இரு மொழியிலும், தேர்வுத்தாள் இரு மொழியிலும். சந்தேகங்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை 6 முதல் 7.30 வரை, எழுதிக் கொடுத்த வரிசைப்படி.

சென்ற பேட்ச்: சேர்ந்தவர்கள் 48, இடையில் நின்றவர்கள் 5, தேர்வு எழுதியவர்கள் 43, ஸ்கோர்கார்டு கிடைத்தது 39. இந்த 39 பேரின் இயற்பியல் பெர்சென்டைல் நடு எண் முந்தைய ஆண்டு 71, இந்த ஆண்டு 86. ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியவர்கள் 27, ஏறக்குறைய அதே இடம் 8, இறங்கியவர்கள் 4. பேட்ச் முடிவு (நான்கு ஆசிரியர்கள்): சேர்ந்த 48 பேரில் 6 பேருக்கு அரசு எம்.பி.பி.எஸ். இடம், எல்லா ஒதுக்கீடும் சேர்த்து. கலந்தாய்வின் கடைசிச் சுற்று நிலவரம்.

பிளஸ் ஒன் கணிதத்தில் வெக்டரும் திரிகோணமிதியும் தெரியாதவர்கள் முதலில் மூன்று வார அடிப்படை வகுப்பை முடிக்க வேண்டும். ஜனவரிக்குப் பிறகு சேருபவர்களுக்கு இயக்கவியல் முழுதாகக் கிடைக்காது."

இதில் "சிறந்த", "தலைசிறந்த", "உறுதி" எதுவும் இல்லை. ரேங்க் உறுதி, மதிப்பெண் உறுதி என்று எழுதுவதை அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் தடுக்கிறது.

"நாங்க பெற்றோர். இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தா உண்மையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மையத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? படத்தில் உள்ள மாணவர் எந்தக் கோர்ஸ், எத்தனை மாதம்? இந்த ஆசிரியர் என் பிள்ளையின் பேட்ச்சுக்கே வருவாரா, எழுத்தில் தருவீர்களா? மூன்றாவதற்குத்தான் அதிகம் தடுமாறுவார்கள். பக்கத்தில் ஒருவர் பெயர் இருக்கும், வகுப்புக்கு இன்னொருவர் வருவார். ஆசிரியர்கள் வருடத்தின் நடுவில் மையம் மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

"ஆசிரியர் போயிட்டா அவரோட பக்கத்தை என்ன பண்ணணும்?"

அன்றே எடுத்துவிட வேண்டும். பேட்ச் முடிவுகள் மையத்தின் பக்கத்தில் இருக்கலாம். பெர்சென்டைல் கணக்குத் தாளின் நகல், மாணவர் பெயர் இல்லாமல், அவருடன் போகலாம்.